ஒரு மதகு, பல வயல்கள்: எந்த நாடுகள் ஒரே பணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம்?

2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் பிரிக்ஸ் மாநாடு நடந்தபோது, அந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு நாணயம் வரப்போகிறது என்ற பேச்சு நம் ஊர் வரைக்கும் வந்தது. டாலரின் கதை முடிந்தது என்றார்கள். புது நாணயத்தின் பெயர் என்ன, அதற்குத் தங்கம் ஈடாக இருக்குமா, எந்த நாட்டுத் தலைவரின் படம் அச்சாகும் என்றெல்லாம் விவாதம் நடந்தது. ஒரே பணத்துக்கு மாறும் நாடு தன் கையிலிருந்து எதை விட்டுக்கொடுக்கிறது, விட்டதன் வேலையை இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியை மட்டும் அந்தப் பேச்சில் நான் கேட்கவேயில்லை.

யூரோவைப் பற்றிய பேச்சும் இப்படித்தான் போகிறது. “தெற்கு ஐரோப்பாக்காரர்கள் வரவுக்கு மேல் செலவழித்தார்கள், அதனால் விழுந்தார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். கிரேக்கத்தைப் பொறுத்தவரை அதில் பாதி உண்மை உண்டு. ஸ்பெயினுக்கு அது பொருந்தவே பொருந்தாது. 2007-ல் ஸ்பெயின் அரசின் பட்ஜெட்டில் பற்றாக்குறை இல்லை, உபரி இருந்தது. அரசுக் கடன் நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. ஜெர்மனியின் கடனே அதைவிட அதிகம். அப்படிப்பட்ட நாட்டில் ஆறே ஆண்டுகளில் வேலை செய்யத் தயாராக இருப்போரில் நான்கில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நிலை ஏன் வந்தது? எந்தப் பரப்பு ஒரே பணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதைச் சொல்லும் உகந்த நாணயப் பகுதி என்ற கருத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஏரியும் நீர்க்கட்டியும்

ஓர் ஏரி, அதற்கு ஒரே மதகு, ஒரே வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால் மேலூர், கீழூர் என்ற இரண்டு ஊர்களின் வயல்களுக்கும் பாய்கிறது. மதகைத் திறந்து மூட ஒரு நீர்க்கட்டி இருக்கிறார். நேர்மையானவர், எந்த ஊருக்கும் சாயாதவர்.

இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் நடவு, ஒரே நேரத்தில் அறுவடை என்றால் அவருக்குச் சிக்கலே இல்லை. ஆனால் ஓர் ஆண்டு மேலூரில் இப்போதுதான் நாற்று நட்டிருக்கிறார்கள், வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். கீழூரில் கதிர் முற்றிவிட்டது, தண்ணீர் வந்தால் பயிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்துவிடும். நீர்க்கட்டி என்ன செய்வார்? இரண்டு ஊரின் தேவையையும் கூட்டிச் சராசரி எடுத்து மதகைப் பாதியளவு திறப்பார். மேலூரில் பயிர் வாடும், கீழூரில் பயிர் அழுகும். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது ஒரு மதகுதான்.

ஏரி தண்ணீரின் இடத்தில் பணத்தை வையுங்கள். மதகின் இடத்தில் மத்திய வங்கியின் வட்டி விகிதத்தை வையுங்கள். வட்டி குறைந்தால் கடன் பெருகும், கட்டடம் எழும்பும், வேலை கூடும், விலையும் ஏறும். வட்டி உயர்ந்தால் எல்லாம் அடங்கும். யூரோ நாடுகளுக்கெல்லாம் பிராங்பர்ட்டில் ஒரே நீர்க்கட்டி. அவர் பெயர் ஐரோப்பிய மத்திய வங்கி.

சொந்தப் பணம் இருந்தால் கையில் என்ன இருக்கும்?

சொந்த நாணயம் வைத்திருக்கும் நாட்டுக்கு அந்த வட்டி மதகு மட்டுமல்லாமல் இன்னொரு கருவியும் உண்டு. அது நாணய மாற்று விகிதம், அதாவது தன் பணம் ஒன்றுக்கு அயல்நாட்டுப் பணம் எவ்வளவு என்ற கணக்கு. இந்தக் கருவியைத்தான் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டால் அதன் பலம் தெரியும்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில் காஸ்தெயோன் என்ற பகுதி இருக்கிறது. தரைக்கும் சுவருக்கும் பதிக்கும் ஓடுகள், நாம் டைல்ஸ் என்று சொல்கிறோமே, அவற்றைச் செய்து உலகெங்கும் அனுப்பும் ஆலைகள் நிறைந்த இடம். அங்கே ஓர் ஆலையைக் கற்பனை செய்வோம். புரிவதற்காக எண்களையும் நானே உருண்டையாக வைக்கிறேன். யூரோவுக்கு முந்தைய காலம், ஸ்பெயினின் பணம் பெசேட்டா, ஜெர்மனியின் பணம் மார்க். ஒரு மார்க்குக்கு 80 பெசேட்டா. ஒரு பெட்டி ஓடு 1,600 பெசேட்டா. ஜெர்மானிய வியாபாரிக்கு அது 20 மார்க்.

ஸ்பெயினில் மந்தம் வருகிறது, விற்பனை படுத்துவிடுகிறது. சந்தையில் பெசேட்டாவின் மதிப்பு இறங்கி ஒரு மார்க்குக்கு 100 பெசேட்டா என்றாகிறது. ஆலையில் யாரும் எதையும் மாற்றவில்லை. பெட்டியின் விலை அதே 1,600 பெசேட்டா, தொழிலாளியின் சம்பளமும் அதே சம்பளம். ஆனால் ஜெர்மானியருக்கு அந்தப் பெட்டி இப்போது 16 மார்க்குக்குக் கிடைக்கிறது. ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு மலிவு. ஆர்டர் திரும்ப வருகிறது. இதைத்தான் மதிப்பிறக்கம் என்கிறோம். இதற்கும் விலை உண்டு. பெட்ரோல் போன்ற இறக்குமதிப் பொருள்கள் எல்லோருக்கும் விலை ஏறும், ஊர் முழுதும் கொஞ்சம் ஏழையாகும். ஆனால் அந்தச் சுமை எல்லோர் தலையிலும் பரவி இறங்கும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1992 செப்டம்பருக்கும் 1995 மார்ச்சுக்கும் இடையில் பெசேட்டாவின் மதிப்பை ஸ்பெயின் நான்கு முறை இறக்கியது.

இப்போது அதே ஆலையை யூரோ காலத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பெட்டி 10 யூரோ. ஜெர்மனியிலும் அதே யூரோதான், மாற்று விகிதம் என்ற ஒன்றே கிடையாது. பெட்டியை 8 யூரோவுக்கு விற்றால்தான் பிழைக்கலாம் என்றால், செலவைக் குறைத்தாக வேண்டும். ஆலையின் செலவில் பெரும்பகுதி கூலிதான் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 யூரோ வாங்கும் தொழிலாளியின் சம்பளம் 800 ஆக வேண்டும். இப்படிச் சம்பளத்தையும் விலையையும் நேரடியாக வெட்டி மலிவாவதற்கு உள் மதிப்பிறக்கம் என்று பெயர்.

அந்தத் தொழிலாளி வீட்டுக் கடனுக்கு மாதம் 400 யூரோ கட்டுகிறார். சம்பளம் 1,000 ஆக இருந்தபோது அது வருமானத்தில் 40 சதவீதம். சம்பளம் 800 ஆனதும் 50 சதவீதம். சம்பளத்தை வெட்டலாம், கடன் பத்திரத்தில் எழுதிய தொகையை யாரும் வெட்டமாட்டார்கள். அவர் செலவைச் சுருக்குகிறார். அதனால் தெருமுனைக் கடைக்காரரின் வியாபாரம் படுக்கிறது, கடைக்காரரும் தன் கடனைக் கட்டத் திணறுகிறார். பெசேட்டா இறங்கியபோது இந்தச் சங்கிலி இல்லை. சம்பளமும் கடனும் ஒரே பெசேட்டாவில் இருந்ததால் இரண்டும் சேர்ந்தே இறங்கின.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சொந்தப் பணம் உள்ள நாட்டிடம் வட்டி, மாற்று விகிதம் என்று இரண்டு கருவிகள் உண்டு. பொதுப் பணத்தில் சேர்ந்தால் முதலாவது பொதுவாகிவிடும், இரண்டாவது இல்லாமலே போய்விடும். பதிலுக்குக் கிடைப்பவையும் உண்மையானவை. பணம் மாற்றும் செலவு மிச்சம், விலைகளை ஒப்பிடுவது எளிது, நாணயம் திடீரென்று சரியுமோ என்ற பயமில்லாமல் வியாபாரம் நடக்கும்.

மண்டெல் கேட்ட கேள்வி

1961-ல் ராபர்ட் மண்டெல் என்ற கனடா நாட்டுப் பொருளியலாளர் ஓர் எளிய கேள்வியைக் கேட்டார். நாட்டின் எல்லையும் நாணயத்தின் எல்லையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா? வட அமெரிக்காவை எடுத்துக்கொண்டார். கிழக்குப் பகுதி கார் செய்கிறது, மேற்குப் பகுதி மரம் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம் என்றார். கனடா, அமெரிக்கா இரண்டுக்கும் ஒரு கிழக்கும் ஒரு மேற்கும் உண்டு. மக்கள் திடீரென்று காரை விட்டு மரத்தை அதிகம் வாங்கத் தொடங்கினால் கிழக்கில் வேலை போகும், மேற்கில் விலை ஏறும். அப்போது கனடா டாலரின் மதிப்பை மாற்றி என்ன பயன்? கோடு பிரிப்பது வடக்கையும் தெற்கையும், சிக்கல் இருப்பதோ கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில்.

இப்படி ஒரு பகுதியை அடித்து, அதே பணத்தைப் பயன்படுத்தும் மற்றொரு பகுதியைத் தொடாமல் விடும் அதிர்ச்சியைச் சமச்சீரற்ற அதிர்ச்சி என்பார்கள். கீழூர் அறுவடையும் மேலூர் நடவும் மோதிக்கொண்டதே, அதுதான். அத்தகைய அதிர்ச்சி வந்தாலும் தனி நாணயம் இல்லாமல் சமாளிக்கும் வழிகள் எந்தப் பரப்புக்குள் இருக்கின்றனவோ, அந்தப் பரப்பே உகந்த நாணயப் பகுதி.

சரி, என்னென்ன வழிகள்? நம் ஏரிக்கே திரும்புவோம். இரண்டு ஊரின் பருவமும் பெரும்பாலும் ஒத்துப்போனால் சண்டையே வராது. இது முதல் அளவுகோல், அதிர்ச்சிகளின் ஒற்றுமை. பருவம் ஒத்துப்போகாமல் கீழூரில் பயிர் கெட்டாலும், அந்த ஊர் ஆட்கள் மேலூருக்கு நடவு வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க முடிந்தால் குடும்பங்கள் பிழைக்கும். இது மண்டெல் பெரிதும் நம்பிய அளவுகோல், உழைப்பாளர் இடம்பெயர்வு. ஆட்கள் நகரவில்லை என்றால், கீழூரில் கூலியும் விலையும் சட்டென்று இறங்கி அந்த ஊர்ச் சரக்கு மலிவாக வேண்டும். இது கூலியின் நெகிழ்ச்சி. இவை எதுவும் நடக்காவிட்டால், இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு நிதியிலிருந்து கெட்டுப்போன பயிருக்கு ஈடு தர வேண்டும். இது பொதுக் கல்லா. 1969-ல் பீட்டர் கெனன் இதை வலியுறுத்தினார். பலவகைப் பயிர் வைக்கும் ஊர் ஒரே பயிரை நம்பும் ஊரைவிட எளிதில் தப்பும் என்றும் அவரே சொன்னார்.

1963-ல் ரொனால்ட் மெக்கினன் சேர்த்த ஒன்றையும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒரு நாடு மிகச் சிறியது, வாங்குவதும் விற்பதும் பெரும்பாலும் வெளிநாட்டில் என்றால், அதன் நாணய மதிப்பை இறக்கியதும் கடையில் எல்லாப் பொருளும் விலை ஏறிவிடும், கூலியும் பின்னாலேயே ஏறும். இறக்கியதன் பலன் அதோடு தீர்ந்தது. அப்படிப்பட்ட நாட்டுக்குச் சொந்த நாணயத்தை விடுவதில் இழப்பு குறைவு. லக்சம்பர்க்குக்கு யூரோ எளிதாக இருந்ததற்கு இது ஒரு காரணம்.

இந்த அளவுகோல்கள் எல்லாவற்றிலும் தேற வேண்டும் என்பதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று பலவீனமாக இருந்தால் இன்னொன்று பலமாக இருந்து தாங்கலாம். எல்லாமே பலவீனமாக இருந்தால்தான் ஆபத்து.

இன்னொரு பட்டியலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

யூரோவில் சேர விரும்பும் நாடுகள் மாஸ்டிரிக்ட் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். பட்ஜெட் பற்றாக்குறை உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள், அரசுக் கடன் 60 சதவீதத்துக்குள், பணவீக்கம் மிகக் குறைந்த மூன்று நாடுகளின் அளவிலிருந்து ஒன்றரைப் புள்ளிக்குள் என்று போகும் அந்தப் பட்டியல். பத்திரிகைகளில்கூட இதை உகந்த நாணயப் பகுதியின் அளவுகோல் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு. மாஸ்டிரிக்ட் கேட்பது அரசு ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்று. வேலை போன ஒருவர் அடுத்த நாட்டில் வேலை தேட முடியுமா என்று அது கேட்பதில்லை. 2007-ல் பற்றாக்குறை, கடன் இரண்டிலும் ஸ்பெயின் முதல் வகுப்பில் தேறியிருந்தது.

ஸ்பெயினில் நடந்தது: முதலில் வெள்ளம்

1999 ஜனவரி 1 அன்று 11 நாடுகளோடு யூரோ தொடங்கியது. 166.386 பெசேட்டாவுக்கு ஒரு யூரோ என்று நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. கைக்கு நோட்டும் காசும் வந்தது 2002-ல்.

அந்தச் சமயத்தில் மேலூராக இருந்தது ஜெர்மனி. வளர்ச்சி படுத்துக் கிடந்தது. 2005 தொடக்கத்தில் அங்கே வேலையில்லாதோர் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டியது. ஜெர்மனிக்குக் குறைந்த வட்டி தேவை. ஐரோப்பிய மத்திய வங்கி 2003 ஜூனிலிருந்து 2005 டிசம்பர் வரை வட்டியை 2 சதவீதத்தில் வைத்திருந்தது. யூரோ நாடுகளின் மொத்தப் பொருளாதாரத்தில் ஜெர்மனியின் பங்கே மிகப் பெரியது, ஆகவே சராசரி எடுத்தால் அதன் பக்கம்தான் சாயும்.

அதே ஆண்டுகளில் ஸ்பெயினில் விலைவாசி ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குச் சற்று மேல் ஏறிக்கொண்டிருந்தது. வட்டி 2, விலையேற்றம் 3. கடன் வாங்கியவர் திருப்பித் தரும் பணத்தின் வாங்கும் சக்தி, வாங்கியபோது இருந்ததைவிடக் குறைவு. வட்டியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்து வருவதை உண்மை வட்டி என்பார்கள். ஸ்பெயினில் அது பூஜ்யத்துக்கும் கீழே இருந்தது. கடன் வாங்காதவன் ஏமாளி என்று ஆக்கும் வட்டி அது. நாடு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் மேலும் விறகு.

2006-ல் மட்டும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அங்கே கட்டுமானம் தொடங்கியது. மத்ரித்துக்குத் தெற்கே சியூதாத் ரியால் என்ற நகரின் அருகே தனியார் முதலீட்டில் ஒரு பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. 2008 இறுதியில் திறந்து 2012-ல் மூடிவிட்டார்கள். வேலை செய்வோரில் எட்டுப் பேரில் ஒருவர் கட்டுமானத்தில் இருந்தார். காஸ்தெயோன் ஓடுகளுக்கு உள்ளூரிலேயே ஏகக் கிராக்கி. கூலி ஏறியது, விலை ஏறியது, ஸ்பெயின் சரக்கு ஜெர்மானியச் சரக்கைவிட ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாக விலை கூடிப்போனது. சொந்த மத்திய வங்கி இருந்திருந்தால் வட்டியை உயர்த்தி இதை அடக்கியிருக்கும்.

இந்த ஏற்றத்தை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடித்திருக்கலாம்? அரசுக் கணக்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. வீட்டு விற்பனையில் வரி கொட்டியதால் அது பளபளப்பாகவே இருந்தது. பார்க்க வேண்டியது வேறு கணக்கை. நாடு வெளியாருக்கு விற்றுச் சம்பாதிப்பதைவிட வெளியாரிடம் வாங்கிச் செலவழிப்பது எவ்வளவு அதிகம் என்ற கணக்கில், 2007-ல் ஸ்பெயினின் பள்ளம் ஆண்டு உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கை எட்டியிருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்பியது ஜெர்மன், பிரெஞ்சு வங்கிகளிலிருந்து வந்த கடன். கடன் வாங்கியதும் அரசு அல்ல, வங்கிகளும் கட்டுமான நிறுவனங்களும் குடும்பங்களும்தான்.

பிறகு வறட்சி

2008-ல் வெளிநாட்டுக் கடன் நின்றது. கட்டுமானம் நின்றது. 2007-ல் 8 சதவீதம் இருந்த வேலையின்மை 2013-ல் 26 சதவீதமானது. இளைஞர்களிடையே பாதிக்கும் மேல். இப்போது அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம்.

அதிர்ச்சி ஒன்றாக இருந்ததா? 2011-ல் ஜெர்மனி நன்றாக எழுந்து நின்றது. ஐரோப்பிய மத்திய வங்கி அந்த ஆண்டு ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியை உயர்த்தவே செய்தது. ஸ்பெயினில் ஐந்தில் ஒருவர் வேலையில்லாமல் இருந்த நேரம் அது. எட்டு ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் வேண்டாதபோது மதகைத் திறந்தார்கள், இப்போது வேண்டியபோது மூடினார்கள். ஸ்பெயின் மீது யாருக்கும் பகை இல்லை. சராசரி அப்படி வந்தது, அவ்வளவுதான்.

ஆட்கள் நகர்ந்தார்களா? சட்டம் தடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் எந்த உறுப்பு நாட்டிலும் வேலை பார்க்கலாம். ஆனால் செங்கல் அடுக்கி வாழ்ந்த நாற்பது வயதுக்காரர் ஜெர்மன் மொழி தெரியாமல், பிள்ளையின் பள்ளியையும் விற்க முடியாத வீட்டையும் விட்டுவிட்டு ஷ்டுட்கார்ட்டுக்கு எப்படிப் போவார்? வீட்டின் நிலை இன்னும் மோசம். ஸ்பெயினில் கடனைக் கட்ட முடியாமல் வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்தாலும் கடன் தீர்வதில்லை. ஏலத்தில் போன தொகை போக மீதி அவர் பெயரிலேயே நிற்கும். செவிலியரும் பொறியாளரும் கொஞ்சம் பேர் ஜெர்மனி போனார்கள். நாட்டைவிட்டுப் போனவர்களில் பெரும் பகுதியினர், நல்ல காலத்தில் எக்குவடோரிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களே.

கூலி இறங்கியதா? இறங்கியது, ஆனால் நத்தை வேகத்தில். ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் சம்பளத்தை வெட்டுவதைவிடத் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது ஆலை முதலாளிக்கு எளிது. ஸ்பெயினில் அத்தகைய ஒப்பந்தங்கள் மிக அதிகம். ஆகவே எல்லோர் கூலியும் சிறிதளவு குறைவதற்குப் பதிலாகச் சிலரின் கூலி முழுவதும் போனது. ஏற்றுமதி பிற்பாடு நன்றாகவே மீண்டது. ஆனாலும் 2019-ல் வேலையின்மை 14 சதவீதம்.

பொதுக் கல்லா இருந்ததா? இங்கேதான் ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது.

நெவாடாவும் ஸ்பெயினும்

அமெரிக்காவின் நெவாடா மாநிலம், அதாவது லாஸ் வேகஸ் இருக்கும் மாநிலம், ஏறத்தாழ ஸ்பெயினைப் போலவே விழுந்தது. அங்கும் வீட்டு மோகம், அங்கும் கட்டுமானம். லாஸ் வேகஸில் வீட்டு விலை உச்சத்திலிருந்து பாதிக்கும் கீழே போனது. வேலையின்மை 13 சதவீதத்தைத் தாண்டியது. நெவாடாவுக்கும் தனி நாணயம் கிடையாது. இருந்தும் “டாலர் நெருக்கடி” என்று யாரும் பேசவில்லை.

காரணம், வாஷிங்டனில் இருந்த பொதுக் கல்லா. நெவாடாவில் ஒரு முதியவரின் ஓய்வூதியத்தையும் மருத்துவச் செலவையும் மத்திய அரசு கொடுத்தது. வேலை இழந்தோருக்கு மாநிலம் தரும் உதவிக்காலம் முடிந்தபின், நீட்டிக்கப்பட்ட வாரங்களுக்கான பணத்தை மத்திய அரசு தந்தது. உள்ளூர் வங்கி கவிழ்ந்தபோது வைப்புப் பணத்துக்குப் பொறுப்பேற்றது நாடு முழுவதற்குமான காப்பீட்டு நிறுவனம். வருமானம் குறைந்த நெவாடாக்காரர்கள் மத்திய அரசுக்குக் கட்டிய வரியும் தானாகவே குறைந்தது. யாரும் மாநாடு கூட்டவில்லை, யாரும் கெஞ்சவில்லை.

ஸ்பெயினில் இவை அத்தனையும் மத்ரித் அரசின் தலையில் விழுந்தன. வரி வருவாய் சரிந்த அதே நேரத்தில் வேலையில்லாதோர் உதவி, வங்கி மீட்பு எல்லாவற்றையும் அது தனியாகச் சுமந்தது. 40 சதவீதத்துக்குக் கீழிருந்த அரசுக் கடன் 2014-ல் 100 சதவீதத்தை ஒட்டி நின்றது. பிற்பாடு “ஊதாரி நாடு” என்று சுட்டிக்காட்டப்பட்ட அந்தக் கடன், நெருக்கடியின் விளைவாக வந்தது. 2012-ல் ஐரோப்பிய நாடுகள் ஸ்பெயின் வங்கிகளுக்காக 10,000 கோடி யூரோ வரை தருவதாக ஒப்புக்கொண்டன, சுமார் 4,100 கோடி பயன்பட்டது. அதுவும் கடனாக, நிபந்தனைகளோடு. அமெரிக்க மத்திய அரசின் செலவு நாட்டு உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்ஜெட் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு.

சுருக்கமாக: ஸ்பெயினின் அதிர்ச்சி ஜெர்மனியிலிருந்து வேறுபட்டது, ஆட்கள் நகரவில்லை, கூலி மெதுவாகவே இறங்கியது, பொதுக் கல்லா இல்லை. நான்கும் ஒரே நேரத்தில் கைவிட்டன.

நம் ரூபாயும் அப்படித்தானே?

இந்தியாவும் ஒரு நாணயப் பகுதிதான். பீகாருக்கும் தமிழ்நாட்டுக்கும் பொருளாதாரத்தில் உள்ள தூரம், ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் உள்ளதைவிடப் பெரியது. மும்பையில் ரிசர்வ் வங்கி என்ற ஒரே நீர்க்கட்டி. இது ஓடுவதற்கு இரண்டு காரணங்கள் கண்ணெதிரே இருக்கின்றன. முதலாவது, திருப்பூர் பின்னலாடை ஆலைகளுக்கும் சென்னைக் கட்டுமானங்களுக்கும் ரயிலேறி வரும் வடமாநிலத் தொழிலாளர்கள். மொழி தெரியாமலே வருகிறார்கள் என்பதால், மொழி மட்டுமே தடை என்று நான் மேலே சொல்லாமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது, நிதிக்குழு. மத்திய அரசின் பகிர்ந்தளிக்கத்தக்க வரியில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்குத் தரச் சொன்ன 15-வது நிதிக்குழு, அதில் பீகாருக்குச் சுமார் 10 சதவீதமும் தமிழ்நாட்டுக்குச் சுமார் 4 சதவீதமும் ஒதுக்கியது. நாம் கட்டும் வரி நமக்குத் திரும்புவதில்லை என்று தமிழ்நாட்டில் எழும் குரலுக்கு அடிப்படை இதுதான். அந்தக் குறை நியாயமா என்பது வேறு விவாதம். ஜெர்மன் வாக்காளர் பொதுக் கல்லாவை ஏன் எதிர்த்தார் என்று புரிந்துகொள்ள, தமிழருக்கு வேறு பாடம் தேவையில்லை. அதுவும் ஒரே நாடு, ஒரே நாடாளுமன்றம் என்ற கட்டு இல்லாத இடத்தில்.

மண்டெலின் பட்டியலில் இல்லாத ஒன்று

2012 ஜூலையில் ஸ்பெயின் அரசு பத்தாண்டுக் கடன் வாங்க 7 சதவீதத்துக்கு மேல் வட்டி தர வேண்டியிருந்தது. அதே நேரத்தில் பிரிட்டன் 2 சதவீதத்துக்கும் குறைவாகக் கடன் வாங்கிக்கொண்டிருந்தது. கடன் சுமையில் பிரிட்டன் ஒன்றும் குறைந்ததல்ல. வித்தியாசம், பிரிட்டனுக்குப் பின்னால் சொந்தப் பவுண்டை அச்சிடும் மத்திய வங்கி நின்றது. கடைசி நேரத்தில் அது அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையே பீதியைத் தடுத்தது. ஸ்பெயின் தன் கடனைத் தான் அச்சிட முடியாத பணத்தில் வாங்கியிருந்தது.

ஜூலை 26 அன்று லண்டனில் பேசிய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மாரியோ திராகி, யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்றார். தேவைப்பட்டால் நெருக்கடியில் உள்ள நாட்டின் பத்திரங்களை வாங்கும் திட்டமும் பின்னால் வந்தது. அந்தத் திட்டத்தில் ஒரு பத்திரம்கூட வாங்க வேண்டியிருக்கவில்லை. சொன்னதிலேயே வட்டி இறங்கத் தொடங்கிவிட்டது. 1961-ன் அளவுகோல்கள் கூலியையும் ஆட்களையும் பற்றி யோசித்தன. வங்கிகளும் கடன் சந்தையும் ஒரு நாட்டை இவ்வளவு வேகமாகக் கவிழ்க்கும் என்பது அவற்றில் இல்லை.

பகுதி மாறிக்கொண்டே இருக்கும்

ஒரே பணத்தில் சேர்ந்தபின் நாடுகள் அதிகம் வியாபாரம் செய்து, நாளடைவில் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. இல்லை, ஒவ்வொன்றும் தனக்குக் கைவந்த தொழிலில் குவிந்து மேலும் வேறுபடும் என்று மறுத்தவர்களும் உண்டு. ஸ்பெயின் கட்டுமானத்திலும் ஜெர்மனி தொழிற்சாலைச் சரக்கிலும் குவிந்ததைப் பார்த்தால், முதல் பத்தாண்டில் மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் ஓட்டைகள் சில அடைபட்டன. 2014 நவம்பரிலிருந்து பெரிய வங்கிகளை அந்தந்த நாட்டுக்குப் பதில் ஐரோப்பிய மத்திய வங்கியே நேரடியாகக் கண்காணிக்கிறது. கொரோனா வந்தபோது, 2020 ஜூலையில், 75,000 கோடி யூரோ நிதி ஒன்றை ஒன்றியம் தன் பெயரில் கடன் வாங்கித் திரட்ட ஒப்புக்கொண்டது. அதில் 39,000 கோடி திருப்பித் தர வேண்டாத மானியம். அதிகம் பெற்ற நாடுகளில் இத்தாலியும் ஸ்பெயினும் முன்னே நின்றன. கொரோனா எல்லோரையும் ஒரே நேரத்தில் அடித்தது, யாருடைய தவறும் இல்லை, அதனால்தான் கல்லா திறந்தது. எல்லா நாட்டு வைப்புப் பணத்துக்கும் ஒரே காப்பீடு என்ற யோசனை மட்டும் காகிதத்தோடு நிற்கிறது.

மதகு மறுபடி ஒருமுறை சிக்கியது 2022-ல். உக்ரைன் போரால் எரிபொருள் விலை ஏறியது. ஆகஸ்டில் எஸ்தோனியாவில் விலையேற்றம் 25 சதவீதம். அதே மாதம் பிரான்சில் 7 சதவீதத்துக்கும் குறைவு. ஜூலையில் பூஜ்யமாக்கப்பட்ட ஐரோப்பிய மத்திய வங்கியின் வைப்பு வட்டி, 2023 செப்டம்பருக்குள் 4 சதவீதமானது. பிரான்சில் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மாறாத வட்டியில் இருந்ததால், பழைய கடன்காரருக்குத் தவணை ஏறவில்லை. எஸ்தோனியாவில் பெரும்பாலான கடன்கள் சந்தை வட்டியோடு ஏறி இறங்குபவை. ஒரே முடிவு, ஒரே நாள். எஸ்தோனியத் தலைநகர் தாலினில் குடியிருப்பவரின் தவணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டு போனது, பிரான்சின் லியோனில் குடியிருப்பவர் பழைய தொகையையே கட்டிக்கொண்டிருந்தார்.